மூன்று துணைகளுடன் 'யுலிசஸ்'

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவல் 1922 பிப்ரவரி 2 அன்று, அவருடைய நாற்பதாவது பிறந்தநாளில், பாரிஸில் வெளிவந்தது. வெளியிட்டவர் ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி என்ற புத்தகக் கடையை நடத்திவந்த சில்வியா பீச். கதை முழுவதும் 1904 ஜூன் 16, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டப்ளின் நகரில் தொடங்கி, நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துத் தரும் லியோபோல்ட் புளூம் நாளெல்லாம் ஊர் சுற்றுகிறான். அவன் மனைவி மாலி ஒரு பாடகி. அன்று மாலை நான்கு மணிக்கு பாய்லன் என்பவன் அவளைப் பார்க்க வீட்டுக்கு வரப்போகிறான் என்பது புளூமுக்குத் தெரியும். தாயை இழந்த துக்கமும் குற்ற உணர்வும் தீராத ஸ்டீபன் டெடலஸ் என்ற இளைஞனும் அதே ஊரில் அலைகிறான். இரவில் புளூமும் ஸ்டீபனும் சந்திக்கிறார்கள், சிறிது நேரம் பேசுகிறார்கள், பிரிகிறார்கள்.

இவ்வளவு எளிய கதை, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவல்களில் மிகக் கடினமான ஒன்றாகப் பெயர் பெற்றிருக்கிறது. வாங்கியவர்களில் பலர் மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறார்கள். முதல்முறை படிப்பவர்களுக்குக் கதைச்சுருக்கம், ஒலிநூல், குறிப்புரை என மூன்று துணைகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தடையை மட்டுமே நீக்கும். எதை எப்போது எடுப்பது, எப்போது மூடி வைப்பது என்று தெரிந்தால்தான் அவை உதவும். வரிசை தவறினால் அவையே வாசிப்பைக் கெடுத்துவிடும்.

கடினம் எங்கே இருக்கிறது

இந்த நாவலில் மூன்று விதமான கடினங்கள் உண்டு. முதலாவது, யாருடைய குரல் என்று தெரியாமல் போவது. ஜாய்ஸ் உரையாடலுக்கு மேற்கோள் குறி போடுவதில்லை. ஒரு சிறு கோடு மட்டும் இட்டுத் தொடங்குவார். பாத்திரத்தின் மனத்தில் ஓடும் எண்ணத்துக்கு அந்த அடையாளமும் கிடையாது. ஒரு வாக்கியம் தெருவில் நடப்பதைச் சொல்லும். அடுத்தது நடப்பவனின் நினைவாக இருக்கும். இடையில் 'என்று நினைத்தான்' என்ற சொல் வராது.

இரண்டாவது, தெரியாத செய்திகளின் நெரிசல். 1904ஆம் ஆண்டு டப்ளினின் கடைகள், டிராம் தடங்கள், அயர்லாந்து அரசியல் சண்டைகள், கத்தோலிக்கச் சடங்குகள், அன்றைய பாட்டுகள், லத்தீன் சொற்கள், ஷேக்ஸ்பியர் குறித்த வாதங்கள் எல்லாம் விளக்கமில்லாமல் வந்துபோகின்றன. மூன்றாவது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுத்துமுறையே மாறுவது. ஏழாவது அத்தியாயம் செய்தித்தாள் தலைப்புகளால் துண்டுதுண்டாக்கப்பட்டிருக்கிறது. பதினைந்தாவது நாடக வடிவில் இருக்கிறது. பதினேழாவது முழுவதும் கேள்வியும் பதிலுமாகச் செல்கிறது. கடைசி அத்தியாயத்தில் மாலியின் எண்ணங்கள் நிறுத்தக்குறிகள் அநேகமாக இல்லாமல் எட்டே நீண்ட வாக்கியங்களாக ஓடுகின்றன.

குரல் பிடிபடாத சிக்கலை ஒலிநூல் தீர்க்கிறது. செய்தி தெரியாத சிக்கலுக்குக் குறிப்புரை. எழுத்துமுறை மாறும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் திகைப்பதற்குக் கதைச்சுருக்கம்.

கையில் இருக்க வேண்டியவை

முதலில் மூல நூல். ஹான்ஸ் வால்டர் கேப்லர் தலைமையில் 1984இல் வந்த பதிப்பும், அதை ஒட்டிய பிந்தைய மலிவுப் பதிப்புகளும் பக்க ஓரத்தில் வரி எண் கொண்டவை. ஆய்வாளர்கள் அத்தியாய எண்ணையும் வரி எண்ணையும் சேர்த்தே இடம் சுட்டுவதால், குறிப்புரையில் தேடும் இடத்தை இந்தப் பதிப்பில் நொடியில் கண்டுபிடிக்கலாம். நாவலின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. குட்டன்பர்க் தளத்தில் பழைய பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் வரி எண் இல்லை.

அத்தியாயங்களுக்கு நூலில் பெயர் அச்சிடப்படவில்லை என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் துணைநூல்கள் எல்லாமே 'டெலமாக்கஸ்', 'கலிப்ஸோ', 'சைக்ளாப்ஸ்' என்று ஹோமரின் 'ஒடிஸி' காவியத்திலிருந்து வரும் பெயர்களைத்தான் பயன்படுத்துகின்றன. நாவலை எழுதும்போது ஜாய்ஸே இப்பெயர்களை வைத்திருந்தார். பதினெட்டுப் பெயர்களையும் பென்சிலால் அந்தந்த அத்தியாயத்தின் தலையில் எழுதிக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. 'ஒடிஸி'யையே முழுதாகப் படித்துவிட்டு வரவேண்டிய கட்டாயம் இல்லை. வீடு திரும்ப முடியாமல் அலையும் தந்தை, அவனைத் தேடும் மகன், காத்திருக்கும் மனைவி என்ற கதைப்போக்கு தெரிந்தால் முதல் வாசிப்புக்குப் போதும்.

சுருக்கத்துக்குப் பலரும் நாடுவது ஹாரி பிளமையர்ஸ் 1966இல் எழுதி, பின்னர் 'தி நியூ புளூம்ஸ்டே புக்' என்ற பெயரில் திருத்தி வெளியிட்ட நூல். இது நாவலைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்ந்து என்ன நடக்கிறது என்று எளிய உரைநடையில் சொல்லிக்கொண்டே போகிறது. இதைவிடச் சுருக்கமான ஒரு கருவியை ஜாய்ஸே தந்திருக்கிறார். 1920இல் கார்லோ லினாட்டி என்ற இத்தாலிய விமர்சகருக்கு அவர் ஒரு அட்டவணை அனுப்பினார். அதற்குச் சற்றுப் பிந்திய இன்னொரு வடிவத்தை ஸ்டூவர்ட் கில்பர்ட் 1930இல் தம் நூல் மூலம் பரவலாக அறியச் செய்தார். அத்தியாயத்தின் இடம், மணி, எழுத்துமுறை, அதற்குரிய உடலுறுப்பு, கலை, நிறம் என்று அட்டவணை நீள்கிறது. முதல்முறை படிப்பவர்களுக்கு இடம், மணி, எழுத்துமுறை ஆகிய மூன்று கட்டங்கள் போதும்.

குறிப்புரையில் நீண்ட காலமாக முதலிடம் பெற்றது டான் கிஃபோர்ட், ராபர்ட் சைட்மன் இருவரும் தயாரித்த 'யுலிசஸ் அனடேடட்'. 1988இல் வந்த அதன் திருத்திய பதிப்பு கேப்லரின் வரி எண்களைப் பின்பற்றுகிறது. 600 பக்கங்களைத் தாண்டும் அந்த நூல் பருமனில் ஏறக்குறைய நாவலுக்கே சமம். சாம் ஸ்லோட் முதலிய மூவர் தயாரித்து 2022இல் வெளிவந்த குறிப்புரை அதைவிடப் பெரியது.

ஒலி வடிவத்தில் இரண்டு பதிவுகள் புகழ்பெற்றவை. ஜாய்ஸின் நூற்றாண்டான 1982இல் அயர்லாந்து வானொலியான ஆர்டிஇ நாவல் முழுவதையும், ஒரு சொல்லும் குறைக்காமல், பல நடிகர்களைக் கொண்டு ஏறக்குறைய 30 மணி நேரம் ஒலிபரப்பியது. அந்தப் பதிவை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். 2004இல் நாக்சோஸ் நிறுவனம் வெளியிட்ட பதிவில் ஜிம் நார்ட்டன் வாசிக்கிறார்; மாலியின் பகுதியை மார்செல்லா ரியோர்டன் வாசிக்கிறார்.

ஒரு அத்தியாயத்தைப் படிக்கும் முறை

படிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது மிகக் குறைவு: எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார், என்ன மாதிரி எழுத்து. நான்கைந்து வரிகளுக்கு மேல் வேண்டாம். பிளமையர்ஸின் விரிவான விளக்கத்தை இந்தக் கட்டத்தில் திறக்கக் கூடாது. அதை முன்கூட்டியே படித்துவிட்டு நாவலுக்கு வந்தால், பிளமையர்ஸ் சொன்னது எங்கே வருகிறது என்று சரிபார்ப்பதே வேலையாகிவிடும்.

அடுத்து, ஒலியை ஓடவிட்டு, கண் அச்சிட்ட வரியைத் தொடர வேண்டும். புரியாத இடத்தில் நிறுத்தக் கூடாது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும். ஒரே அமர்வில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் கவனம் சிதறும். அதனால் நீண்ட அத்தியாயங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டாம் அத்தியாயம் சிறியது. பதினைந்தாவது மட்டும் பல பதிப்புகளில் 150 பக்கங்களைத் தொடும்.

அது முடிந்த பிறகுதான் பிளமையர்ஸ். இப்போது அவரைப் படிக்கும்போது, கேட்டதில் எது பிடிபட்டது, எது நழுவியது என்று தெரியும். அதன் பிறகு பென்சில் கோடு போட்ட இடங்களுக்கு மட்டும் குறிப்புரையைப் புரட்ட வேண்டும். கடைசியாக, அத்தியாயத்தில் பிடித்த இரண்டு மூன்று பக்கங்களை எந்தத் துணையும் இல்லாமல் ஒருமுறை மௌனமாகப் படிக்க வேண்டும். துணைகளின் பயன் இந்தக் கடைசிப் படியில்தான் தெரியவரும். முதலில் இரைச்சலாக இருந்த பக்கத்தில் இப்போது ஒரு மனிதன் நடந்து, பார்த்து, நினைத்துக்கொண்டிருப்பது தெரிந்தால் அந்த அத்தியாயம் கைவசமாகிவிட்டது.

மூன்றாம் அத்தியாயம்: பலர் நிற்கும் இடம்

'புரோட்டியஸ்' எனப்படும் மூன்றாம் அத்தியாயத்தில் ஸ்டீபன் காலை பதினொரு மணியளவில் சாண்டிமவுண்ட் கடற்கரையில் தனியாக நடக்கிறான். வேறு பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் உண்மையில் என்ன என்ற தத்துவ யோசனையோடு அத்தியாயம் தொடங்குகிறது. அரிஸ்டாட்டில் வருகிறார், லத்தீனும் ஜெர்மனும் வருகின்றன. முன்னறிவிப்பில்லாமல் இதை எதிர்கொள்பவர் நாவலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுகிறார்.

இங்கே ஒரு குறிப்பிட்ட பொறி இருக்கிறது. நடந்துகொண்டே ஸ்டீபன் தன் மாமா ரிச்சி கோல்டிங் வீட்டுக்குப் போகலாமா என்று யோசிக்கிறான். உடனே வாசல் மணி அடிக்கப்படுகிறது, உறவினர் ஒருவர் திறக்கிறார், படுத்திருக்கும் மாமா அவனை வரவேற்று உட்காரச் சொல்கிறார், பேச்சு நடக்கிறது. இவை எதுவும் நடக்கவில்லை. போனால் இப்படித்தான் இருக்கும் என்று ஸ்டீபன் கற்பனை செய்கிறான். பிறகு மாமா வீட்டுக்குப் போகும் வழியைத் தாண்டி வந்துவிட்டதை உணர்கிறான். கற்பனைக்கும் நடப்புக்கும் இடையே பக்கத்தில் எந்த அடையாளமும் இல்லாததால், முதல்முறை படிப்பவர் அவன் உண்மையிலேயே அந்த வீட்டுக்குப் போனதாக எண்ணிவிடுகிறார். அடுத்த வரியில் கடற்கரை திரும்ப வரும்போது குழம்புகிறார்.

'ஸ்டீபன் மாமா வீட்டுக்குப் போகவில்லை, போவதாக நினைத்துப் பார்க்கிறான்' என்ற ஒற்றை வரி முன்கூட்டியே தெரிந்தால் இந்தக் குழப்பம் முழுவதும் தீர்ந்துவிடும். சுருக்கத்தின் சரியான வேலை இதுதான். அந்தக் கற்பனை வீட்டின் கலகலப்பையும் மாமாவின் பேச்சில் உள்ள போலி மிடுக்கையும் ஒலிப்பதிவு உணர்த்திவிடும். அரிஸ்டாட்டில் பற்றிய குறிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பார்க்காவிட்டாலும் கதை அறுபடாது.

அப்படியும் இந்த அத்தியாயம் கடினமாக இருந்தால் வேறொரு வழி உண்டு. நான்காம் அத்தியாயத்தில் கதை மீண்டும் காலை எட்டு மணிக்குத் திரும்பி, இந்த முறை புளூமின் வீட்டில் தொடங்குகிறது. எனவே நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றை முதலில் படித்துப் புளூமோடு பழகிவிட்டு, பிறகு முதல் மூன்றுக்கு வருவதால் பெரிய நஷ்டம் இல்லை. நான்காம் அத்தியாயத்தில் புளூம் இறைச்சிக் கடைக்குப் போய்ப் பன்றிச் சிறுநீரகம் வாங்குகிறான். கடையில் எடுத்த ஒரு தாளில் பாலஸ்தீனப் பண்ணைகளைப் பற்றிய விளம்பரம் இருக்கிறது. திரும்பும் வழியில் ஆரஞ்சுத் தோட்டங்களை நினைத்து மகிழ்கிறான். அப்போது ஒரு மேகம் சூரியனை மறைக்கிறது. உடனே அவன் நினைவு பாழ்நிலத்துக்குத் தாவுகிறது. முதல் அத்தியாயத்தில் ஸ்டீபனும் அதே நேரத்தில் ஒரு மேகத்தைப் பார்க்கிறான். இருவரும் பார்த்தது ஒரே மேகம் என்று பதினேழாம் அத்தியாயம் தெரிவிக்கிறது. எந்த வரிசையில் படித்தாலும் இந்த இணைப்பு பிடிபட்டால், இரண்டு காலைகளும் ஒரே காலை என்பது தெளிவாகிவிடும்.

ஒரு குதிரையின் கதை

ஒவ்வொரு துணையும் எதைத் தரும், எதைத் தராது என்பதை ஒரு சிறு கதைச்சரட்டை வைத்துப் பார்க்கலாம். ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில், புளூம் மருந்துக் கடையில் எலுமிச்சை மணமுள்ள சோப்பு வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான். பாண்டம் லயன்ஸ் என்ற அறிமுகக்காரன் எதிர்ப்பட்டு, குதிரைப் பந்தயச் செய்தி பார்க்க அவன் கையிலிருந்த செய்தித்தாளைக் கேட்கிறான். அவனிடமிருந்து விடுபட நினைக்கும் புளூம், தாளை எறிந்துவிடத்தான் போகிறேன், நீயே வைத்துக்கொள் என்ற பொருளில் ஏதோ சொல்கிறான். லயன்ஸ் சட்டென்று அவனை உற்றுப் பார்க்கிறான், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விடுகிறான். ஏன் என்று நாவல் சொல்வதில்லை.

அன்று மாலை ஆஸ்காட் மைதானத்தில் தங்கக் கோப்பைப் பந்தயம். அதில் ஓடும் ஒரு குதிரையின் பெயர் 'த்ரோஅவே'. எறிவதைப் பற்றிப் புளூம் சொன்ன ஆங்கிலச் சொற்களும் கிட்டத்தட்ட அவைதாம். புளூம் மறைமுகமாகத் துப்புக் கொடுக்கிறான் என்று லயன்ஸ் எடுத்துக்கொள்கிறான். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு மதுக்கடையில் அவன் புளூமைக் காட்டி, துப்புக் கொடுத்தது இவன்தான் என்று கிசுகிசுக்கிறான். பத்தாம் அத்தியாயத்தில் லெனஹன் என்பவன், தேறாத குதிரையின் மேல் லயன்ஸ் பணம் கட்டப் போனதாகச் சொல்கிறான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் முடிவு தெரிகிறது: ஒன்றுக்கு இருபது என்ற விகிதத்தில் த்ரோஅவே வென்றுவிட்டது. மதுக்கடையில் கூடியிருப்பவர்கள், புளூம் பெரும்பணம் வென்றுவிட்டு யாருக்கும் ஒரு கோப்பை வாங்கித் தராமல் மறைக்கிறான் என்று முடிவுகட்டுகிறார்கள். புளூம் பந்தயமே கட்டவில்லை. அன்று காலை அடக்கமான நண்பன் டிக்னமின் குடும்பத்துக்கு உதவும் வேலையாகத்தான் அவன் வந்திருக்கிறான். அவன் யூத வம்சத்தவன் என்ற வெறுப்பும் இந்தப் பொய்யான பொறாமையும் சேர்ந்து கொதித்து, ஒருவன் அவன்மேல் பிஸ்கட் டப்பாவை வீசி எறிவதில் முடிகிறது.

ஒலிப்பதிவில் ஐந்தாம் அத்தியாயத்தின் அந்த உரையாடல் சில நொடிகளில் கடந்துவிடும். கேட்பவருக்கு லயன்ஸின் பரபரப்பு மட்டும் காதில் விழும், காரணம் விழாது. அதில் தவறில்லை, புளூமுக்கும் காரணம் தெரியாது. சுருக்கத்தை முன்பே படித்தவருக்குக் குதிரையின் விஷயம் அந்த இடத்திலேயே விளங்கிவிடும். ஆனால் ஏழு அத்தியாயங்கள் கழித்துத் தாமாகவே அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை அவர் இழந்துவிடுவார். குறிப்புரை இங்கே தருவது வேறு ஒன்று: இது ஜாய்ஸின் கற்பனை இல்லை, 1904 ஜூன் 16 அன்று ஆஸ்காட்டில் த்ரோஅவே என்ற குதிரை உண்மையிலேயே வென்றது என்ற தகவல். அதைப் பன்னிரண்டாம் அத்தியாயம் முடிந்த பிறகு தெரிந்துகொள்வதுதான் சிறப்பு.

இப்படிப்பட்ட சரடுகளுக்காக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது மற்ற எந்தத் துணையையும்விட உதவும். ஒரு பொருளோ நிகழ்ச்சியோ இரண்டாம் முறை தென்பட்டால் அதன் பெயரையும் வரும் அத்தியாயங்களின் எண்ணையும் எழுதினால் போதும். புளூமின் பையிலுள்ள சோப்பு, இன்னொரு பையிலுள்ள உருளைக்கிழங்கு, முந்தின நாள் கால்சட்டையிலேயே மறந்துவிட்ட வீட்டுச் சாவி, தொப்பிக்குள் ஒளித்துவைத்த சீட்டு, இடுகாட்டில் தென்பட்ட மழைக்கோட்டு மனிதன் ஆகியவை அந்தக் குறிப்பேட்டில் இடம்பெறும். மழைக்கோட்டு மனிதன் யார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எனவே அதற்கு விடை கிடைக்காததை வாசகர் தம் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அத்தியாயத்துக்கு ஏற்ற துணை

மேலே சொன்ன வரிசை பொதுவானது. எழுத்துமுறை மாற மாற, எந்தத் துணைக்கு முதலிடம் என்பதும் மாறும். பதினோராம் அத்தியாயமான 'சைரன்ஸ்' இசையைப் போல அமைக்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் தொடர்பில்லாத துண்டு வரிகள் வரிசையாக வருகின்றன. பின்னால் வரப்போகும் ஒலிகளின் முன்னோட்டம் அவை. கண்ணால் மட்டும் படித்தால் அச்சுப்பிழையோ என்று தோன்றும். ஒலியில் கேட்டுவிட்டு நகர்ந்து, அத்தியாயம் முடிந்ததும் மீண்டும் அந்தத் தொடக்கத்தைக் கேட்டால் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று அடையாளம் தெரியும். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் மதுக்கடைப் பேச்சும் காதால் கேட்க ஏற்றது.

நேர்மாறானது பதினான்காவது. மகப்பேறு மருத்துவமனையில் நடக்கும் இந்த அத்தியாயத்தில், பழங்கால நடையில் தொடங்கி அன்றைய தெருப்பேச்சு வரை ஆங்கில உரைநடையின் வரலாற்றையே ஜாய்ஸ் வரிசையாகப் போலச்செய்து காட்டுகிறார். காதால் கேட்டு இதில் கதையைப் பிடிப்பது அரிது. இங்கே மட்டும் பிளமையர்ஸின் விளக்கத்தை முன்கூட்டியே படிப்பது நியாயம். ஸ்டீபன் ஷேக்ஸ்பியரைப் பற்றி வாதிடும் ஒன்பதாவதும், நனவும் கனவும் கலந்த பதினைந்தாவதும் இந்த வகைதான். பதினைந்தாவதில் எது நடக்கிறது, எது மனமயக்கம் என்ற பட்டியல் கையில் இருந்தால், பிறகு பல நடிகர்களின் ஒலிப்பதிவை நாடகமாகவே அனுபவிக்கலாம்.

ஏழாவதிலும் பதினேழாவதிலும் அச்சுப் பக்கமே முதன்மை. தலைப்புகளின் பெரிய எழுத்தையும் கேள்வி பதில்களின் இடைவெளியையும் காது அறியாது. பதினேழாவதின் கடைசிக் கேள்விக்கு வார்த்தையில் பதில் இல்லை. பல பதிப்புகளில் ஒரு பெரிய கரும்புள்ளிதான் அங்கே இருக்கும். எந்த வாசிப்பாளராலும் அதை உச்சரிக்க முடியாது.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

மிகச் சாதாரணமான தவறு, சுருக்கமே நாவலின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. ஒரு அத்தியாயம் முடிந்ததும் என்ன நடந்தது என்று சொல்ல முடிந்து, அதில் வந்த ஒரு காட்சியையோ ஒரு எண்ணத்தையோ நினைவுகூர முடியாவிட்டால், படித்தது சுருக்கத்தைத்தான். அப்போது அந்த அத்தியாயத்தின் எந்தப் பக்கத்தையாவது திறந்து ஒலியோடு மீண்டும் கேட்பதே மருந்து.

ஒலிநூலின் ஆபத்து வேறு. குரல் இனிமையாக ஓடிக்கொண்டிருக்கும். மனம் எங்கோ போயிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இப்போது பேசுவது யார், அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வரவில்லை என்றால் பின்னுக்குப் போக வேண்டும். நடிகர் ஒரு முடிவை எடுத்துவிடுகிறார் என்பதையும் மறக்கக் கூடாது. பதினெட்டாம் அத்தியாயத்தில் மாலி 'அவன்' என்று சொல்லும்போது அது புளூமா, பாய்லனா, இளமைக் காதலனா என்று பல இடங்களில் தெளிவாக இருக்காது. நிறுத்தக்குறி இல்லாத அந்த வரிகளை நடிகை தம் மூச்சால் பிரித்துக் கொடுக்கிறார். கேட்பவருக்கு எளிதாகிவிடுகிறது, ஆனால் பக்கத்தில் இருந்த பல அர்த்தங்களில் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது. எனவே அந்த அத்தியாயத்தைக் கேட்டபின் சில பக்கங்களை மௌனமாகவும் படிப்பது அவசியம்.

குறிப்புரையின் தொல்லை, அது எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கொடுப்பது. ஒரு கடையின் முகவரிக்கும் ஸ்டீபனின் மனத்தை அரிக்கும் ஒரு பிரார்த்தனைக்கும் அதில் ஒரே மாதிரிக் குறிப்புதான் இருக்கும். வரிக்கு வரி புரட்டுபவர் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் செலவிட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் திணறுவார். ஒரு செய்தி இரண்டாம் முறை வந்தால் அல்லது அது தெரியாமல் காட்சியே விளங்கவில்லை என்றால் மட்டும் புரட்டுவது என்ற விதி முதல் வாசிப்புக்குப் பொருந்தும்.

இன்னொரு சிக்கலுக்குக் காரணம் பதிப்பு வேறுபாடு. ஆர்டிஇ பதிவு 1982இல் உருவானது. கேப்லர் பதிப்பு 1984இல் வந்தது. எனவே ஒலிப்பதிவையும் கேப்லரின் பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில இடங்களில் சொற்கள் மாறியிருக்கும். ஒன்பதாம் அத்தியாயத்தில் அன்பைப் பற்றிய சில வரிகளைக் கேப்லர் கையெழுத்துப் பிரதியிலிருந்து மீட்டுச் சேர்த்தார். முந்தைய பதிப்புகளில் அவை இல்லை. அந்த மாதிரி இடத்தில் வாசிப்பாளர் வரி தாண்டிவிட்டதாகவோ தாம் தவறவிட்டதாகவோ நினைத்துப் பின்னுக்குப் போக வேண்டியதில்லை.

எவ்வளவு காலம், பிறகு என்ன

வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும் வேகம். பதினைந்தாவதற்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்கினால் ஏறக்குறைய ஐந்து மாதத்தில் நாவல் முடியும். அதைவிட வேகமாகப் போனால் முன் அத்தியாயத்தின் சரடுகள் மனத்தில் தங்காது. மாதக்கணக்கில் இடைவெளி விட்டால் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்துவிட்டுத் தொடர வேண்டும்.

முழுவதும் முடிந்ததும் மீண்டும் திறக்க வேண்டியது நான்காம் அத்தியாயத்தை. இந்த முறை சுருக்கம், ஒலி, குறிப்புரை எதுவும் இல்லாமல். காலையில் புளூம் மாலியிடம் கொடுக்கும் கடிதம் பாய்லனுடையது என்பதும், அன்று மாலை நடக்கப்போவதைத் தெரிந்தே அவன் அவளுக்குக் காலை உணவு தயாரித்துக் கொடுக்கிறான் என்பதும், அவன் எண்ணத்தில் மின்னி மறையும் குழந்தை ரூடி பிறந்து பதினொரு நாளில் இறந்துபோனவன் என்பதும் இப்போது படிப்பவருக்குத் தெரியும். முதல் வாசிப்பில் இவற்றுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. இரண்டாம் வாசிப்பில் நாவலின் மற்ற பதினேழு அத்தியாயங்களே அந்தத் துணையாகிவிடுகின்றன. எந்த அத்தியாயத்தில் இன்னும் வழிகாட்டி நூல் தேவைப்படுகிறது என்று இப்போது தெளிவாகத் தெரியும். அநேகமாக அது பதினான்காவதாக இருக்கும். அதற்கு மட்டும் துணைநூலை மறுபடி எடுத்துக்கொள்வதில் குறை எதுவும் இல்லை.